பினாங்கில் கிளெய்ம், காரைக்குடியில் காகிதம்: அட்ஜூடிகேஷனுக்குப் பதில் எழுதுவது எப்படி?

*ஐயா, நான் காரைக்குடியில் இருக்கிறேன். தம்பி பினாங்கில் கட்டட காண்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறான். கம்பெனியில் நானும் ஒரு டைரக்டர். ஜார்ஜ் டவுனில் பழைய கடைவீடு ஒன்றை விடுதியாக மாற்றும் வேலையில், தரைக்கல் பதிப்பதையும் சுண்ணாம்புப் பூச்சையும் ஒரு சப்-காண்ட்ராக்டரிடம் விட்டோம். கல் ஆத்தங்குடியிலிருந்து நாங்களே அனுப்பியது. கீழ்த்தளத்தில் கல்லெல்லாம் வெள்ளை பூத்துவிட்டது. பெயர்த்து, வேறு ஆளை வைத்துப் போட்டோம். தம்பி பக்கவாதத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்த நேரத்தில் அவர்கள் பேமெண்ட் கிளெய்ம் அனுப்பியிருக்கிறார்கள், பதில் போகவில்லை. இப்போது 3,12,400 ரிங்கிட் கேட்டு அட்ஜூடிகேஷன் கிளெய்ம், பிப்ரவரி 3, திங்கட்கிழமை ஆபீசுக்கு வந்திருக்கிறது. சிங்கப்பூரில் இருக்கும் மாப்பிள்ளை, 'முதல் பதில் போடாததால் கதை முடிந்தது' என்கிறார். விடுதி முதலாளி எங்களுக்கே இன்னும் பணம் தரவில்லை, அதைச் சொன்னால் போதாதா? மூன்று பெட்டி காகிதமும் தம்பி போனில் வாட்ஸ்அப்பும் இருக்கின்றன. எல்லாவற்றையும் அனுப்பிவிட்டு, விசாரணையில் நேரில் விளக்கிக்கொள்ளலாமா?*
*– ஒரு வாசகி, காரைக்குடி*

ஆச்சி, நாள் குறைவாக இருப்பதால் இந்தப் பதிலை உங்களுக்கு முதலில் அனுப்பிவிட்டு, அப்புறம்தான் அச்சுக்குக் கொடுக்கிறேன். ஆளும் இடமும் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். நீங்கள் ஸ்கேன் செய்து அனுப்பிய கிளெய்மையும் காண்ட்ராக்டையும் முழுதாகப் படித்தேன்.

நாள் கணக்கும், போடாத பதிலும்

இது மலேசியாவின் 2012-ஆம் ஆண்டுக் கட்டுமானப் பணக்கோரிக்கைச் சட்டம். அங்கே எல்லோரும் 'சிப்பா' என்றே சொல்வார்கள். பணத் தகராறை நீதிமன்றத்துக்கு வெளியே, அட்ஜூடிகேட்டர் என்ற நடுவர் விரைவாகத் தீர்த்துவைப்பதுதான் இதில் வரும் அட்ஜூடிகேஷன். 2014 ஏப்ரல் 15 முதல் நடப்பில் இருக்கிறது. வேலை நடந்த இடம் மலேசியா என்பதால், டைரக்டர் காரைக்குடியில் இருந்தாலும் இந்தச் சட்டம்தான். நம் ஊர் கோர்ட்டில் எதையாவது போட்டு இதை நிறுத்தலாம் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டாம்.

கிளெய்ம் கைக்கு வந்த நாளிலிருந்து பத்து வேலைநாளுக்குள் பதில் போக வேண்டும் என்கிறது பிரிவு 10. வேலைநாள் என்றால் கட்டடம் இருக்கும் மாநிலத்தின் வேலைநாள். பினாங்கில் சனி, ஞாயிறு விடுமுறை. 11-ஆம் தேதி செவ்வாய் தைப்பூசம், அதுவும் விடுமுறை. அப்படிப் பார்த்தால் பத்தாவது நாள் பிப்ரவரி 18, செவ்வாய்க்கிழமை. நான் இதை எழுதும் வெள்ளிக்கிழமையோடு நான்கு நாள் போய்விட்டது, ஆறு பாக்கி. அட்ஜூடிகேட்டருக்கு அவகாசம் நீட்டிக்க அதிகாரம் உண்டு. தம்பியின் மருத்துவச் சான்றை வைத்து இன்றே கேளுங்கள். கிடைக்காது என்று வைத்துக்கொண்டு வேலையைச் செய்யுங்கள்.

மாப்பிள்ளை சொன்னது தவறு என்று சொல்ல மாட்டேன். அவர் ஊருக்கு அது சரி. சிங்கப்பூர்ச் சட்டத்தில், பணம் தராததற்கான காரணத்தை முதல் பதிலில் சொல்லாவிட்டால், பின்னால் அட்ஜூடிகேஷனில் அதைச் சொல்ல வழியில்லை. மலேசியாவில் அப்படி இல்லை. முதல் பதில் போடாதவர் கிளெய்ம் முழுவதையும் மறுத்ததாகக் கொள்ளப்படுவார் என்று சட்டமே சொல்கிறது, பிரிவு 6(4). சரி, மறுத்ததாகக் கொள்ளட்டும், ஆனால் காரணத்தை எப்போது சொல்வது? இதில் சில ஆண்டுகள் குழப்பம் இருந்தது. முதல் பதிலில் இல்லாத வாதம் என்று சொல்லிச் சில அட்ஜூடிகேட்டர்கள் பார்க்கவே மறுத்தார்கள். வியூ எஸ்டீம் எதிர் பினா பூரி வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் அதைத் தீர்த்துவைத்தது. அட்ஜூடிகேட்டரின் அதிகாரத்துக்கு எல்லை போடுவது பேமெண்ட் கிளெய்மில் எதைக் கேட்டார்கள் என்பதுதான். எதிர்வாதங்களுக்கு அந்த எல்லை பொருந்தாது, முதல் பதிலில் இல்லை என்பதற்காக அவற்றை ஒதுக்கித் தள்ளுவது, இரு தரப்பையும் கேட்க வேண்டும் என்ற இயற்கை நீதிக்கு விரோதம் என்றது அந்தத் தீர்ப்பு. ஆகவே கதை முடியவில்லை. ஆனால் இந்த 18-ஆம் தேதிப் பதில்தான் உங்கள் பக்கத்தின் முதல் பேச்சு, கடைசிப் பேச்சும் அதுதான்.

கடைசி என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் பதிலுக்கு அவர்கள் ஐந்து வேலைநாளில் மறுபதில் தரலாம். அதற்குப் பதில் சொல்ல உங்களுக்குச் சட்டத்தில் இடமில்லை. பெரும்பாலான அட்ஜூடிகேஷன்கள் காகிதத்தை மட்டும் பார்த்தே முடிந்துவிடுகின்றன. விசாரணை வைப்பதும் வைக்காததும் அட்ஜூடிகேட்டர் விருப்பம். நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவைத்த விஷயம் சொல்லப்படாமலே போய்விடும்.

'முதலாளி தரவில்லை' என்பது பதில் ஆகாது

உங்கள் காண்ட்ராக்டில் 9-ஆம் ஷரத்தைக் கோடிட்டு அனுப்பியிருக்கிறீர்கள்: விடுதி முதலாளியிடமிருந்து பணம் வந்த பிறகே சப்-காண்ட்ராக்டருக்குப் பணம் என்கிறது. இருவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். இருந்தாலும் பிரிவு 35 இந்த மாதிரி ஷரத்தைச் செல்லாது என்கிறது. முதலாளி தரவில்லை என்பதை உங்கள் பதிலின் நடுநாயகமாக வைத்தால், வேறு நல்ல வாதம் இல்லை போலிருக்கிறது என்றுதான் படிப்பவர் நினைப்பார். ஒரு வரி கூட எழுத வேண்டாம்.

அதே சட்டம் உங்களுக்கும் கைகொடுக்கும் என்பதை யோசித்தீர்களா? முதலாளி உங்களுக்குத் தர வேண்டியதற்கு நீங்களே அவர்மேல் பேமெண்ட் கிளெய்ம் அனுப்பலாம். அது தனி வேலை, தனிக் கோப்பு. இந்தப் பதிலோடு கலக்காதீர்கள். ஆனால் தள்ளியும் போடாதீர்கள்.

பேரேடு போல ஒரு பதில்

மூன்று பெட்டியையும் அனுப்புவதைப் பற்றி. அட்ஜூடிகேட்டர் உங்கள் சப்-காண்ட்ராக்டரின் சாட்சி அல்ல, உங்கள் கணக்குப்பிள்ளையும் அல்ல. 45 வேலைநாளில் தீர்ப்பு எழுதியாக வேண்டும்; தாண்டினால் தீர்ப்பே செல்லாது. அவர் பெட்டிக்குள் கையை விட்டு உங்களுக்குச் சாதகமான சீட்டைத் தேடி எடுப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. அப்பச்சி காலத்துப் பேரேடு உங்கள் வீட்டில் இருக்கும். ஒரு பற்று எழுதினால் எதிரே சிட்டை எண் இருக்கும். சிட்டையைப் புரட்டினால் அன்றைய தொகை இருக்கும். பதிலும் அப்படித்தான். அவர்கள் கேட்கும் ஒவ்வொரு தொகைக்கும் எதிரே காண்ட்ராக்ட் என்ன சொல்கிறது, நடந்தது என்ன, அதற்குக் காகிதம் எது, ஆகவே எவ்வளவு என்ற நான்கும் இருக்க வேண்டும். இந்த வரிசையை மாற்ற வேண்டாம். பலரும் நடந்ததை முதலில் எழுதுவார்கள், கோபமும் அதோடு சேர்ந்து வந்துவிடும்.

முதல் பக்கத்தில் ஒரு அட்டவணை மட்டும் போதும். அவர்கள் கிளெய்மில் நான்கு இனங்கள் இருக்கின்றன. உங்கள் காகிதங்களை வைத்து நான் போட்டுப் பார்த்த கணக்கு இது:

| இனம் | கேட்பது (ரிங்கிட்) | நாம் சொல்வது (ரிங்கிட்) |
|---|---|---|
| 7-ஆம் பில், தரைக்கல் | 1,48,000 | 73,350 |
| கூடுதல் பூச்சு வேலை | 86,400 | 44,000 |
| நிறுத்திவைத்த பணம் | 32,000 | 16,000 |
| ஆட்கள் சும்மா இருந்த நஷ்டம் | 46,000 | 0 |
| மொத்தம் | 3,12,400 | 1,33,350 |

வலது பக்கத் தொகையைப் பார்த்து உங்களுக்கு மனசு கசக்கும் என்று தெரியும். 'ஒரு காசு தர வேண்டியதில்லை' என்று தானே எழுதியிருந்தீர்கள். இதற்கு அப்புறம் வருகிறேன்.

அட்டவணைக்கு அடுத்து காண்ட்ராக்ட் எது என்பதை நான்கு வரியில் சொல்லுங்கள். உங்களிடம் மேற்கோள் கடிதம், வேலை ஒப்படைப்புக் கடிதம், அளவுப் பட்டியல் என்று மூன்று இருக்கின்றன; ஒப்படைப்புக் கடிதமே மேலோங்கும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அவர்கள் மேற்கோள் கடிதத்தின் விலையைக் காட்டியிருப்பதால் இது முக்கியம். அதற்கடுத்து தேதிவரிசை, ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். பிறகு இனம் இனமாகப் பதில். கடைசியில் என்ன தீர்ப்புக் கேட்கிறீர்கள் என்பது: அட்டவணையில் நாம் சொல்லும் தொகைக்கு மேல் உள்ள கோரிக்கையைத் தள்ள வேண்டும், செலவுத்தொகை இன்னார் தர வேண்டும். பத்திகளுக்கெல்லாம் எண் போடுங்கள். இணைப்புகளுக்கு R-1, R-2 என்று எண் கொடுத்து, அந்த எண் பத்தியிலேயே வரட்டும். எந்தப் பத்தியிலும் பேர் வராத காகிதம் பெட்டியிலேயே இருக்கட்டும். மூன்று பெட்டி ஒரு கனமான கோப்பாகக் குறையும்.

நான்காவது இனத்தை மட்டும் தேதிவரிசைக்கு முன்னாலேயே, தனித் தலைப்பில் வையுங்கள். ஆட்கள் சும்மா இருந்ததற்கான 46,000 ரிங்கிட் அவர்களுடைய முதல் பேமெண்ட் கிளெய்மில் இல்லை. அதில் மொத்தம் 2,66,400 தான். அட்ஜூடிகேஷன் கிளெய்மில்தான் புதிதாக முளைத்திருக்கிறது. பிரிவு 27-இன்படி, பேமெண்ட் கிளெய்மில் கேட்டதற்கு மேல் தீர்ப்புச் சொல்ல அட்ஜூடிகேட்டருக்கு அதிகாரம் இல்லை, இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டாலொழிய. இந்த ஆட்சேபணையைப் பதிலிலேயே எழுதி, 'இதை விட்டுக்கொடுக்காமல்தான் மற்றவற்றுக்குப் பதில் சொல்கிறோம்' என்று சேர்த்துவிடுங்கள். அதோடு நிற்காமல், அதிகாரம் உண்டு என்றே வைத்துக்கொண்டாலும் காண்ட்ராக்டின் 17-ஆம் ஷரத்துப்படி 14 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் தரவில்லை, ஆள் வருகைப் பதிவு ஒன்றும் இணைக்கவில்லை என்பதையும் எழுதுங்கள். அதிகார வாதம் தோற்றாலும் கையில் இன்னொன்று இருக்க வேண்டும்.

நிறுத்திவைத்த பணத்தை நான் வேகமாகக் கடக்கிறேன். ஒப்பந்தத் தொகை 6,40,000-இல் ஐந்து சதவிகிதம் 32,000. வேலை முடிந்த சான்று வந்தவுடன் பாதி, குறை திருத்தும் ஓராண்டு முடிந்தால் மீதி. சான்று வந்துவிட்டது, ஓராண்டு முடியவில்லை. ஆகவே 16,000.

வெள்ளை பூத்த கல்

இதுதான் வழக்கு. 7-ஆம் பில்லில் 925 சதுர மீட்டர் கல் பதித்ததாக, மீட்டருக்கு 160 ரிங்கிட் வைத்து 1,48,000 கேட்கிறார்கள். இருவரும் சேர்ந்து அளந்த அளவுத்தாள் உங்களிடம் இருக்கிறது, அவர்களுடைய சூப்பர்வைசர் கையெழுத்தோடு. அதில் 780 சதுர மீட்டர்தான். 145 மீட்டர் குறைகிறது, 23,200 போனது, நிற்பது 1,24,800. இந்தத் தாளை R-1 என்று வைத்தாலும் தப்பில்லை.

அப்புறம் பெயர்த்துப் போட்ட 210 சதுர மீட்டர். மீட்டருக்கு 245 வீதம் 51,450 ரிங்கிட் வேறு ஆளுக்குக் கொடுத்திருக்கிறீர்கள். இதைக் கழித்தால் 73,350. கழிக்க முடியுமா என்பதுதான் கேள்வி. கல்லே சரியில்லை, கல்லை நீங்கள் கொடுத்தீர்கள், நாங்கள் பதித்தோம், எங்கள் தப்பு எங்கே என்பது அவர்கள் வாதம்.

நீங்கள் எழுதியிருந்தீர்கள்: 'அதே லாட்டுக் கல் காரைக்குடி வீட்டில் பெட்டகசாலைக்குப் பக்கத்தில் அடுக்கியிருக்கிறது, ஒன்றில்கூட வெள்ளை இல்லை, அதைப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.' அனுப்ப வேண்டாம், ஆச்சி. அது ஒன்றையும் நிரூபிக்காது. காய்ந்த இடத்தில் அடுக்கிய கல் எங்கேயும் வெள்ளை பூக்காது. சிமெண்டில் கரையக்கூடிய உப்பு எப்போதும் கொஞ்சம் இருக்கும். கீழிருந்து ஈரம் ஏறி, மேலே வந்து காயும்போது அந்த உப்பை மேற்பரப்பில் விட்டுவிட்டுப் போகிறது. ஆகவே ஈரம்தான் வினையாளி. ஜார்ஜ் டவுன் கடைவீடுகளில் பலவற்றில் அடித்தளத்தில் ஈரத்தடுப்பே கிடையாது, நம் ஊர் வளவு போல நடுவே ஒரு திறந்த முற்றமும் இருக்கும். மழை உள்ளேயே விழும். 'கல் நல்ல கல்' என்று நீங்கள் வாதாடப் போனால், கல்லின் தரத்தைப் பற்றிப் பத்துப் பக்கம் மறுபதில் எழுத அவர்களுக்கு இடம் கொடுக்கிறீர்கள். அந்தச் சண்டைக்கே போக வேண்டாம்.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, ஈரத்தைத் தடுக்க வேண்டியது யார் என்பது. அளவுப் பட்டியலில் அவர்களுடைய தரைவேலை இனத்தைப் பாருங்கள்: 50 மில்லிமீட்டர் படுகை, அடியில் பாலித்தீன் ஷீட் விரித்து, கல் பதித்தல், எல்லாம் சேர்த்து 160 ரிங்கிட். ஷீட் அவர்கள் வேலை. பெயர்த்த அன்று தம்பி எடுத்த போட்டோ ஒன்றில் கடப்பாரை நுனிக்குக் கீழே படுகை உடைந்து, நேரே கருஞ்செம்மண் தெரிகிறது. நடுவில் ஷீட் இல்லை. மூன்று பெட்டியில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய சொத்து அந்தப் படம்தான். மாடியில் அதே லாட்டுக் கல்லை, அதே ஆட்கள், அதே கலவையில் பதித்து இன்றுவரை ஒரு புள்ளி வெள்ளை இல்லை என்பது அடுத்தது. மாடிக்கு மண்ணிலிருந்து ஈரம் ஏறாது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், கல்லைப் பற்றிப் பேசவே தேவையில்லை.

அந்தப் படத்தை எப்படி வைப்பது என்பதிலும் கவனம் வேண்டும். நீங்கள் எனக்கு அனுப்பியது வாட்ஸ்அப்பில் வந்த படம். எடுத்த தேதியும் நேரமும் அதில் போய்விடும். தம்பியின் போனிலிருந்து மூலப்படத்தை எடுங்கள். கீழ்த்தள வரைபடத்தில் ஒவ்வொரு படமும் எந்த அறை, எந்த மூலை என்று எண் போட்டுக் குறியுங்கள். 210 சதுர மீட்டருக்குக் காசு கழிக்கிறீர்கள், ஐந்து அறைக்குப் படம் இருக்கிறது. ஆறாவது அறைக்கு, கணக்குப் பார்த்தேன், 38 மீட்டர், ஒரு படம்கூட இல்லை. அங்கும் ஷீட் இல்லை என்று பெயர்த்த மேஸ்திரி சத்தியப் பிரமாணம் எழுதித் தர முடியுமா என்று கேளுங்கள். பார்த்ததை மட்டும் எழுதச் சொல்லுங்கள். பார்க்கவில்லை என்றால் அந்த அறையின் 9,310 ரிங்கிட்டை விட்டுவிடுவது நல்லது. அப்போது நம் தொகை 1,42,660 ஆகும். ஒரு அறைக்கு நீட்டிச் சொல்லி மாட்டிக்கொண்டால் மற்ற ஐந்து அறைக்கும் நம்பிக்கை போய்விடும்.

இன்னொரு ஓட்டை. குறையிருந்தால் எழுத்தில் சொல்லி ஏழு நாள் தர வேண்டும், அவர்கள் வராவிட்டால்தான் வேறு ஆளை வைக்கலாம் என்கிறது 13-ஆம் ஷரத்து. தம்பி ஈமெயில் அனுப்பியிருக்கிறார், நல்ல வேளை. அவர்களும் 'பெருநாள் கழித்து ஆள் அனுப்புகிறோம்' என்று பதில் போட்டிருக்கிறார்கள். அந்தப் பதிலில் 'கல் மோசம்' என்று ஒரு சொல் இல்லை! அதை R-9 என்று புதைக்காமல், இந்த இனத்தின் முதல் இணைப்பாக வையுங்கள். ஈமெயிலுக்கும் பெயர்த்த நாளுக்கும் இடையே 19 நாள் இருக்கிறது என்று தேதிவரிசையில் தெரியட்டும்.

தம்பியின் ஒரு வரி

கூடுதல் பூச்சு 86,400. இதில் இரண்டு துண்டு. 28,400 என்பது அவர்கள் ஆட்களே சாரம் பிரிக்கும்போது இடித்த சுவரைத் திருத்தியது. சைட் டைரியில் அன்றைய குறிப்பு இருக்கிறது, அதற்குப் பைசா இல்லை. மற்ற 58,000 மாடி நடைகூடத்தில் 400 சதுர மீட்டர் பூச்சு. இதற்கு எழுத்தில் ஆர்டர் இல்லை, ஆகவே தர மாட்டோம் என்று எழுதச் சொல்கிறீர்கள்.

தம்பியின் வாட்ஸ்அப்பில் அவர்கள் கேட்டதற்கு இப்படி ஒரு வரி இருக்கிறது: 'சரி, செய்ங்க, அப்புறம் பாத்துக்கலாம்.' இதை அவர்கள் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து இணைத்திருக்கிறார்கள். 'ஒப்புக்கொள்கிறோம், தொடருங்கள், பிறகு பணம் தருகிறோம்' என்ற பொருளில். தமிழ் தெரிந்த யாருக்கும் சிரிப்பு வரும். 'அப்புறம் பாத்துக்கலாம்' என்பதில் எந்தத் தமிழன் விலையை ஒப்புக்கொண்டிருக்கிறான்? ஆனால் 'சரி, செய்ங்க' என்பது ஆர்டர் இல்லை என்று நாமும் சொல்ல முடியாது. எழுத்தில் இல்லை என்று நீங்கள் பதிலில் எழுதினால், மறுபதிலில் இந்த வரி உங்கள் முகத்துக்கு நேரே வந்து நிற்கும். ஆகவே நாமே முந்திக்கொள்வோம். செய்யச் சொன்னது உண்மை, விலை பேசவில்லை, விலை பேசாத கூடுதல் வேலைக்கு அளவுப் பட்டியல் விலையே என்று 11-ஆம் ஷரத்து சொல்கிறது, பட்டியலில் அதே பூச்சுக்கு மீட்டருக்கு 110, அவர்கள் போட்டது 145. 400 மீட்டருக்கு 44,000. சான்று பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் அந்த உரையாடலை, முன்னும் பின்னும் பத்து வரியோடு, புதிதாக மொழிபெயர்த்து, தமிழ் மூலத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் பக்கத்தில் வையுங்கள். அந்த ஒரு வரியை மட்டும் வெட்டி வைத்தது அவர்கள் செய்த பிழை. அதை நாம் செய்ய வேண்டாம்.

ஒப்புக்கொண்ட பணத்தை என்ன செய்வது

1,33,350, அல்லது ஆறாவது அறையை விட்டால் 1,42,660. இதைத் தர வேண்டும் என்று நாமே எழுதுவதில் ஆபத்து இல்லையா? உண்டு. தீர்ப்பு அதற்குக் கீழே போகாது. எல்லாவற்றையும் மறுத்துவிட்டுப் பார்க்கலாம் என்று சொல்கிற வக்கீல்களும் இருக்கிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. அளவுத்தாளில் உங்கள் தம்பியும் கையெழுத்துப் போட்டிருக்கிறார், வாட்ஸ்அப்பில் 'சரி' சொல்லியிருக்கிறார்; இந்த இரண்டையும் மறுக்கும் ஒருவர் பாலித்தீன் ஷீட்டைப் பற்றிச் சொல்வதை யார் நம்புவார்கள்? கையில் பணம் இருந்தால், பதில் போடும் அன்றே ஒப்புக்கொண்ட தொகையைக் கட்டிவிட்டு, ரசீதைக் கடைசி இணைப்பாக வைப்பது இன்னும் நல்லது. தோற்றவர் ஜெயித்தவரின் செலவைத் தர வேண்டும் என்று பிரிவு 18 சொல்கிறது. மீதித் தொகைக்கு மட்டுமே சண்டை என்றால் அந்தக் கணக்கும் உங்கள் பக்கம் சாயும். பணம் இல்லை என்றால் தொகையை ஒப்புக்கொண்டு, தவணை பேசி அவர்களுக்குத் தனியாகக் கடிதம் எழுதலாம். சமரசப் பேச்சு என்று அதன் தலைப்பிலேயே குறிப்பிடுங்கள், பதிலோடு இணைக்காதீர்கள்.

கல் பெயர்த்த 51,450-ஐப் போலக் கழித்துக்கொள்வதால் அவர்கள் கோரிக்கையைச் சுழி வரைதான் குறைக்க முடியும். அதற்கு மேல் அவர்கள் உங்களுக்குத் தர வேண்டும் என்று நினைத்தால், தாமதத்துக்கான நஷ்டம் அது இது என்று எழுதியிருந்தீர்களே, அதற்கு நீங்கள் தனியாக பேமெண்ட் கிளெய்ம் போட வேண்டும். இந்தப் பதிலில் திணித்தால் பக்கம்தான் கூடும்.

தீர்ப்புப் பிடிக்காவிட்டால் அப்பீல் போகலாமா என்று மாப்பிள்ளை கேட்கச் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். கணக்குத் தப்பு, சட்டம் தப்பு என்று அப்பீல் கிடையாது. மோசடி அல்லது லஞ்சம், இயற்கை நீதி மறுப்பு, நடுநிலை தவறியது, அதிகாரம் மீறியது ஆகிய நான்கு காரணங்களுக்கு மட்டுமே உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்யும். தீர்ப்பு வந்தால் பணம் கட்டியாக வேண்டும். கட்டாவிட்டால் அதை நீதிமன்றத் தீர்ப்பு போலவே நிறைவேற்றலாம்; விடுதி முதலாளியிடமே நேராகப் பணம் கேட்கவும் பிரிவு 30 வழி தருகிறது. முதலாளியோடு அடுத்த வேலை பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்பதால் இதை நினைவில் வையுங்கள். பின்னால் ஆர்பிட்ரேஷனுக்குப் போய் முழுக் கணக்கையும் திரும்பப் பார்க்கலாம், அதற்குத் தடை இல்லை. ஆனால் அது பணம் கொடுத்துவிட்டுத் திரும்பக் கேட்கிற வழக்கு.

உங்கள் சார்பில் வக்கீல்தான் ஆஜராக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. நீங்களேகூட எழுதலாம், யாரையும் பிரதிநிதியாக நியமிக்கலாம். இந்தத் தொகைக்குப் பினாங்கில் கட்டுமான வழக்குப் பார்க்கிற ஒருவரை வைத்துக்கொள்வது நல்லது என்பது என் எண்ணம். அவரிடம் பெட்டியைக் கொடுக்காமல், அட்டவணையையும் R எண் போட்ட கோப்பையும் கொடுத்தால் பாதி ஃபீஸ் மிச்சமாகும்.

திங்கட்கிழமை காலை முதல் வேலையாக மேஸ்திரியைப் பிடியுங்கள். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குக் காவடி பார்க்கப் போய்விட்டால் புதன்கிழமைதான் கிடைப்பார். மூலப்படங்கள் புதன் மாலைக்குள், மொழிபெயர்ப்பு வெள்ளிக்குள். 17-ஆம் தேதி திங்களன்றே கிளெய்ம் போட்டவர்களுக்கும் அட்ஜூடிகேட்டருக்கும் ஒரே நாளில் பதில் போய்ச் சேரட்டும், ஈமெயிலிலும் கையிலும். இரண்டு இடத்திலும் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் நேரமும் வாங்கச் சொல்லுங்கள்.